கப்பல் ஒரு வாரம் தள்ளிப் போகிறது: பையருக்கு என்ன எழுதுவது?

திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் எடுக்கும் கம்பெனிகளில் மெர்ச்சன்டைசர் மேசைமேல் ஓர் அட்டவணை இருக்கும். ‘டி அண்ட் ஏ’ என்பார்கள். நூல் வரும் நாள், பின்னல் முடியும் நாள், சாயம் போட்ட துணி கம்பெனிக்குள் நுழையும் நாள், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், சரக்கு லாரி ஏறும் நாள் என்று தேதிகள் வரிசையாக நிற்கும். கடல் தாண்டி இருக்கும் பையரிடமும் அதே அட்டவணை இருக்கிறது. அவருடைய கிடங்கில் கன்டெய்னர் இறக்கும் நாள், கடைகளுக்குப் பிரித்து அனுப்பும் நாள், விளம்பரம் வெளியாகும் நாள் எல்லாம் இதன் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகின்றன.

நடுவில் ஒரு தேதி தவறினால் பெரும்பாலும் போகிற மெயில் இப்படித்தான் இருக்கிறது: ‘தவிர்க்க முடியாத சில காரணங்களால் உற்பத்தியில் சிறு தாமதம். எங்களால் இயன்றதைச் செய்துகொண்டிருக்கிறோம். கூடிய விரைவில் அனுப்பிவிடுவோம்.’ இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் ஹாம்பர்க்கில் இருப்பவர் இதை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்ய முடியாது. எந்தச் சரக்கு, எத்தனை பீஸ், எந்தக் கப்பல் என்று தெரியாமல் விளம்பரத்தைத் தள்ளி வைப்பதா, மற்ற நிறங்களை வைத்துக் கடையை நிரப்புவதா என்று அவரால் முடிவெடுக்க இயலாது. பதிலுக்கு ஐந்து கேள்வி கேட்டு அனுப்புவார். அந்த ஐந்துக்கும் பதில் தேடவே இங்கே இரண்டு நாள் போய்விடும்.

நல்ல மெயில் எப்படி உருவாகிறது என்பதை ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தால்தான் புரியும். உதாரணத்துக்கு ஜெர்மனி பையர் ஒருவரின் ஆர்டர். ஆண்களுக்கான வட்டக்கழுத்து டி-ஷர்ட், 180 ஜி.எஸ்.எம். பருத்தித் துணி. வெள்ளை, கிரே மெலாஞ்ச், நேவி புளூ மூன்றிலும் தலா 8,000 பீஸ், ஆக 24,000. ஜூலை 4, சனிக்கிழமை சரக்கு கம்பெனியை விட்டுக் கிளம்ப வேண்டும். தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கை ஒப்படைக்கக் கடைசி நாள் ஜூலை 6. கப்பல் ஜூலை 8. இந்தக் கப்பல் கொழும்புவரைதான் போகும். அங்கே கன்டெய்னர் ஐரோப்பா செல்லும் பெரிய கப்பலுக்கு மாறும். இந்தச் சேவை வாரத்துக்கு ஒருமுறை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாமே அதில்தான் வந்து நிற்கப் போகிறது.

நேவி நிறத்துக்குச் சுமார் 1,750 கிலோ துணி வேண்டும். சாயப்பட்டறையில் அதை மூன்று லாட்டாகப் போட்டார்கள். ஜூன் 15, திங்கட்கிழமை துணி கம்பெனிக்கு வர வேண்டும். ஷேட் மூன்று லாட்டிலும் சரியாக இருந்தது. ஆனால் ஜூன் 13, சனிக்கிழமை மாலை சோதனைக்கூட அறிக்கை வந்தபோது இரண்டாவது, மூன்றாவது லாட் இரண்டும் ஈரத் தேய்ப்புச் சோதனையில் தேறவில்லை.

இந்தச் சோதனை எளிமையானது. நனைத்த வெள்ளைப் பருத்தித் துண்டை ஒரு சிறு கருவியில் பொருத்தி, சாயத் துணியின்மேல் முன்னும் பின்னுமாகப் பத்து முறை தேய்ப்பார்கள். வெள்ளைத் துண்டில் எவ்வளவு கறை ஏறியிருக்கிறது என்பதைச் சாம்பல் அளவுகோலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 என்றால் கறையே இல்லை. நேவி போன்ற ஆழ்ந்த நிறங்களில் 5 வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்த ஆர்டரில் பையர் கேட்டது 2–3 மட்டுமே. முதல் லாட் 3 வாங்கியது. மற்ற இரண்டும் 1–2.

இனி காரணம். மெயில் எழுதும்போது பலரும் இங்கேதான் நழுவுகிறார்கள். ‘சாயப்பட்டறையில் பிரச்சினை’ என்று எழுதினால் இடத்தைத்தான் சொல்லியிருக்கிறோம், காரணத்தைச் சொல்லவில்லை. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பகுதி நூலோடு பிணைந்துவிடும். இன்னொரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து, பிணையாமல் துணியிலேயே தங்கிவிடும். கொதிநிலைக்கு அருகே சூடான சோப்பு நீரில் அலசி இந்த மிச்சத்தை வெளியேற்ற வேண்டும். பட்டறைக்காரர்கள் இதை சோப்பிங் என்பார்கள். நிறம் ஆழமானால் சாயம் அதிகம், மிச்சமும் அதிகம். பட்டறையின் லாட் கார்டை வாங்கிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. முதல் லாட்டில் சோப்பிங் 95 டிகிரியில் நடந்திருக்கிறது. அடுத்த இரண்டு லாட்டும் ஓடிய இரவில் பாய்லரில் நீராவி அழுத்தம் குறைந்து, 80 டிகிரியைத் தாண்டவில்லை. இயந்திரம் குறித்த நேரத்துக்கு ஓடி முடித்துவிட்டது. துணியும் பார்வைக்கு நன்றாகவே இருந்தது.

காரணத்தை இந்த அளவுக்குத் தோண்டினால்தான் சரிசெய்யும் வழி தெரியும். நூல் மோசமா, சாயம் மோசமா, அலசல் மோசமா என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும். சாயமே தப்பு என்றால் நிறத்தை உரித்து மறுபடி சாயம் போட வேண்டும், அல்லது புதுத் துணி பின்ன வேண்டும். குறை அலசலில்தான் என்றால் சரியான சூட்டில் இன்னொரு முறை சோப்பிங் கொடுத்தால் போதும். முன்னதற்கு வாரக்கணக்கு ஆகும், பின்னதற்கு நாள்கணக்கு. காரணம் தெரியாமல் தேதி கொடுப்பவர் ஊகத்தைத்தான் கொடுக்கிறார்.

அதனால்தான் முதல் மெயிலில் மீட்புத் தேதியைச் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சனிக்கிழமை இரவே ஒரு சிறு மெயில் போக வேண்டும்: நேவி நிறத்தில் மூன்று லாட்டில் இரண்டு சோதனையில் தேறவில்லை, அறிக்கை இணைப்பில் உள்ளது, நேவி ஷிப்மென்ட் தேதி பாதிக்கப்படும், புதிய தேதியை ஜூன் 16 செவ்வாய்க்கிழமை சொல்கிறோம். அவ்வளவுதான். செய்தி நம்மிடமிருந்து முதலில் போய்விடுகிறது, தேதி எப்போது வரும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஜெர்மனியில் கோடைக்காலத்தில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னே. திங்கள் காலை அவர் அலுவலகம் வந்து உட்காரும்போது நமக்கு மதியம் நெருங்கிவிடும். சனி இரவே அனுப்பிவிட்டால் அவர் திறக்கும் முதல் மெயில்களில் இதுவும் இருக்கும்.

திங்களும் செவ்வாயும் தேதியைக் கெட்டிப்படுத்தும் வேலைக்கு. முதல் வேலை, தேறாத துணியில் ஒரு துண்டை வெட்டிப் பட்டறையின் ஆய்வகத்தில் 95 டிகிரியில் அலசிப் பார்ப்பது. ஆய்வகத் துண்டு 3 வாங்கினால் வழி சரி என்று தெரிந்துவிடும். இரண்டாவது, பட்டறையில் இயந்திரம் எப்போது காலியாகும் என்று கேட்டு வாங்குவது. இங்கே கெஞ்சியும் அதட்டியும் ஒரு எல்லைக்கு மேல் போக முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் பட்டறை ஓடலாம் என்ற நிலை வந்தது. சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு நீரை ஏற்குமோ அவ்வளவு லாட்தான் ஓடும். ஆகவே ‘எப்படியாவது நாளைக்கே போட்டுத் தருகிறோம்’ என்ற வாய்ச்சொல்லை நம்பித் தேதி எழுதக்கூடாது. எந்த இயந்திரம், எந்த நாள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். நம் உதாரணத்தில் ஜூன் 17, புதன்கிழமை இரண்டு லாட்டுக்கும் இடம் கிடைத்தது.

இனி கணக்கு. புதன் சோப்பிங். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் உலர்த்தி மறுபடி காம்பாக்டிங். வெள்ளி சோதனைக்குக் கொடுத்தால் ஜூன் 20, சனி மாலை அறிக்கை. ஞாயிறு துணி விரித்த நிலையில் ஓய்வில் கிடக்கும், பின்னல் துணி சுருங்கி நிலைக்க அது தேவை. திங்கள், செவ்வாய் கட்டிங். புதன், ஜூன் 24 தையலில் ஏறும்.

இதற்கிடையில் தேறிய முதல் லாட்டை ஏன் காக்க வைக்க வேண்டும்? அதில் 2,650 பீஸ் வரும். பழைய திட்டப்படியே ஜூன் 18-இல் அது தையலுக்குப் போகலாம், மூன்று நாளில் முடிந்துவிடும். மீதி 5,350. இரண்டு லைனும் சேர்ந்து நாளுக்கு ஆயிரம் என்றால் ஆறு வேலை நாள், அதாவது ஜூன் 30. செக்கிங், அயர்ன், பேக்கிங் ஜூலை 3-இல் முடியும். பையரின் இறுதி ஆய்வு ஜூலை 6. தேறினால் ஜூலை 8-இல் லாரி ஏற்றலாம்.

ஜூலை 6 துறைமுகக் கெடு போய்விட்டது. இந்த இடத்தில்தான் பெரிய சபலம் வரும். இரண்டு ஞாயிறு வேலை வைத்து, தினமும் இரண்டு மணி நேரம் ஓவர்டைம் போட்டால் ஜூலை 5 இரவு லாரியைக் கிளப்பிவிடலாம். திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர்தானே, ஓர் இரவுப் பயணம், பிடித்துவிடலாம் என்று தோன்றும். காகிதத்தில் கணக்கு பொருந்தவும் செய்யும். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு மணி நேரம்கூட இடைவெளி இல்லை. இறுதி ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 8,000 பீஸுக்கு வழக்கமான ஏ.க்யூ.எல். 2.5 முறைப்படி 200 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறையுள்ள பீஸ் 10 வரை இருந்தால் தேறும். பதினோராவது கிடைத்தால் மொத்தச் சரக்கையும் பிரித்து மறுபடி செக்கிங் செய்ய வேண்டும். களைத்துப்போன கைகள் ஞாயிறும் தைத்த சரக்கில் அந்தப் பதினோராவது பீஸ் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஓவர்டைமுக்கும் வாராந்தர விடுமுறைக்கும் பையரின் நடத்தை விதியிலேயே வரம்பு இருக்கிறது. அவருக்குக் கொடுத்த தேதியைக் காப்பாற்ற அவருடைய விதியையே உடைத்த கதையாகிவிடும். தையல்காரப் பெண்களின் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துச் சரிக்கட்டும் மீட்புத் திட்டத்தை நான் மீட்பு என்று ஏற்பதில்லை.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. நம் கணக்கில் தாமதம் நான்கு நாள். கப்பல் வாரத்துக்கு ஒன்று என்பதால் பையரின் கணக்கில் அது ஏழு நாள். இரண்டு நாள் தாமதமானாலும் ஏழுதான், நான்கு நாளானாலும் ஏழுதான். ஜூலை 8 கப்பலைத் தவறவிட்டால் அடுத்தது ஜூலை 15, அதற்கான கெடு ஜூலை 13. அப்படியிருக்க, வேலை முடியும் ஜூலை 8-ஐச் சொல்லாமல் ஜூலை 10-ஐ எழுதிக் கொடுப்பதால் பையருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆய்வு ஒருமுறை தோற்றாலும் மறுபடி பார்க்க நமக்கு இடம் கிடைக்கிறது. உறுதியான தேதி இப்படித்தான் பிறக்கிறது. நம்முடைய வேகத்தில் தொடங்கி, அவருடைய கப்பலில் போய் முடிய வேண்டும். முதல் தாமதத்தைப் பையர்கள் பொறுத்துக்கொள்வார்கள், அடுத்த தேதியும் தவறினால் அந்தக் கம்பெனி கொடுக்கும் எந்தத் தேதியையும் பிறகு நம்பமாட்டார்கள்.

ஜூன் 16 மதியம் போக வேண்டிய மெயிலைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

“பொருள்: நேவி 8,000 பீஸ் ஜூலை 15 கப்பலில், வெள்ளை, கிரே மாற்றமின்றி ஜூலை 8 கப்பலில்.

வணக்கம். ஜூன் 13 மெயிலின் தொடர்ச்சி இது. நேவி துணி ஜூன் 15-இல் வந்திருக்க வேண்டும். முழுவதும் தேறி வருவது ஜூன் 20. இதனால் நேவி 8,000 பீஸ் ஜூலை 4-க்குப் பதிலாக ஜூலை 10-இல் கம்பெனியை விட்டுக் கிளம்பி, ஜூலை 15 தூத்துக்குடி கப்பலில் ஏறும். வெள்ளை, கிரே 16,000 பீஸுக்குத் தேதி மாறவில்லை.

காரணம்: மூன்று லாட்டில் இரண்டில், சாயத்துக்குப் பிந்தைய சோப்பு அலசல் 95 டிகிரிக்குப் பதில் 80 டிகிரியில் நடந்துள்ளது. ஈரத் தேய்ப்பில் 1–2 வந்தது, உங்கள் தேவை 2–3. துணியை அனுப்பும் முன் பட்டறையிலேயே சோதித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். அந்தப் பொறுப்பு எங்களுடையது.

செய்தது: தேறாத துணியில் ஒரு துண்டை 95 டிகிரியில் மறுபடி அலசிச் சோதித்தோம், 3 வந்தது. நாளை ஜூன் 17 இரண்டு லாட்டும் அலசலுக்குப் போகின்றன, இயந்திரம் உறுதியாகிவிட்டது. தேறிய முதல் லாட் ஜூன் 18 தையலில் ஏறுகிறது. இனி ஆழ்ந்த நிறங்களில் ஒவ்வொரு லாட்டும் தேய்ப்புச் சோதனை தேறிய பிறகே பட்டறையை விட்டு வரும்.

உங்களிடம் வேண்டுவது மூன்று. மறுபடி அலசிய லாட்களில் நிறம் ஓர் இழை வெளுக்கலாம். மூன்று லாட்டின் ஷேட் துண்டுகளும் ஜூன் 20-இல் கூரியரில் கிளம்பும், ஜூன் 25-க்குள் ஒப்புதல் வேண்டும். இரண்டு லாட் ஒரே அட்டைப்பெட்டியில் கலக்காது. அடுத்து, சரக்கு இரண்டு கப்பலில் வர உங்கள் சம்மதம். மூன்றாவது, எல்.சி.யில் கடைசி ஷிப்மென்ட் நாள் ஜூலை 10 என்று உள்ளது. அதை ஜூலை 20 என்று திருத்த ஜூன் 26-க்குள் உங்கள் வங்கியில் விண்ணப்பிக்க வேண்டுகிறோம்.

இந்தத் தேதி ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்திருக்கிறது: ஜூன் 20 அறிக்கை. தேறாவிட்டால் வேறு துணிக்குப் புதிதாகச் சாயம் போட்டு, அதற்கான தேதியை ஜூன் 22-இல் சொல்வோம். எப்படியிருந்தாலும் ஜூன் 20 இரவு அறிக்கை உங்களுக்கு வரும்.”

பொருள் வரியிலேயே செய்தி முழுவதும் இருப்பதைக் கவனியுங்கள். மேலதிகாரி கேட்டால் பையர் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டிவிடலாம். எது கெட்டது என்பதோடு எது கெடவில்லை என்பதும் உடனே வருகிறது. மன்னிப்புக்கென்று தனிப் பத்தி இல்லை. பொறுப்பு எங்களுடையது என்ற ஒரு வாக்கியம் காரணத்தோடு சேர்ந்தே நிற்கிறது. பட்டறையின் பெயரைச் சொல்லிப் பழியை அங்கே தள்ளவில்லை. பையர் ஆர்டர் கொடுத்தது கம்பெனிக்கு, பட்டறைக்கு அல்ல.

எல்.சி. பற்றிய வரியை மட்டும் யாரும் மறக்கக்கூடாது. வங்கியின் கண்ணில் ஷிப்மென்ட் நாள் என்பது சரக்கு கம்பெனியை விட்டுக் கிளம்பிய நாள் அல்ல. கப்பலில் ஏறியதாகச் சரக்குச் சீட்டில் குறித்த நாள்தான் கணக்கு. ஜூலை 10-இல் லாரி கிளம்பிவிட்டது என்று நிம்மதியாக இருந்தால், சீட்டில் ஜூலை 15 இருக்கும், ஆவணத்தில் முரண்பாடு என்று வங்கி பணத்தை நிறுத்தலாம். பையர் போனில் ‘பரவாயில்லை, அனுப்புங்கள்’ என்று சொன்னது வங்கிக்குச் செல்லாது. எல்.சி.க்கான உலகளாவிய விதியான யு.சி.பி. 600-இன்படி, திருத்தத்தை எல்.சி. திறந்த வங்கிதான் வெளியிட வேண்டும். அதே விதியில், எல்.சி.யே தடுத்திருந்தால் ஒழிய, சரக்கைப் பிரித்து அனுப்பலாம். ஆகவே மெயில் எழுதும் முன் எல்.சி.யை எடுத்து அந்த வரியையும் ஒருமுறை படித்துவிட வேண்டும். தடை இருந்தால் இரண்டு திருத்தத்தையும் ஒன்றாகக் கேட்டுவிடலாம்.

சில பையர்கள் ஒரு வாரத் தாமதத்தையும் ஏற்கமாட்டார்கள். கடை திறப்பு நாள் மாறாது என்றால் ஒரு பகுதியை விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள், அந்தச் செலவு நம் தலையில்தான் விழும். அப்போதும் முதல் லாட்டின் 2,650 பீஸ் தனியே முடிந்து கையில் இருப்பது உதவும். முழுச் சரக்குக்கும் விமானக் கட்டணம் கொடுப்பதற்குப் பதில் அதை மட்டும் அனுப்பிக் கடையை நிரப்ப வழி கேட்கலாம். ஆனால் இதை அவர் கேட்கும் முன் நாமே மெயிலில் எழுதக்கூடாது. முதலாளியிடம் செலவுக்கு ஒப்புதல் வாங்கி, எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

ஜூன் 20 மாலை அறிக்கை வரும். இரண்டு லாட்டும் 3 வாங்கியிருந்தால் எல்லோரும் மூச்சு விட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். சொன்ன மெயிலை அனுப்ப மறந்துபோவது பெரும்பாலும் அன்றைக்குத்தான். மெர்ச்சன்டைசர் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: துணி தேறிவிட்டாலும், அறிக்கையை இணைத்து, ‘ஜூலை 15 கப்பல் உறுதி’ என்ற ஒரு வரியை அன்று இரவே அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.